மோட்டசைக்கிள் எக்ரிமென்ற்: ட்ராஃப்ட்டும் புக்கும் ஒத்துவரேல்ல, எது சரி?

கொக்குவில்_பொடியன்:
வணக்கம். கோப்பாயில ஒரு பல்சர் 150 பேசி முடிச்சிருக்கிறன். 2015 தயாரிப்பு, 2016இல பதிவு. விலை நாலு லட்சத்துத் தொண்ணூறு. அட்வான்ஸ் ஒண்டரை லட்சம் எக்ரிமென்ற் எழுதேக்க, மிச்சம் புக் மாத்தி முடிய. விக்கிறவர் ஒரு கொம்மினிகேசன்ல ரைப் பண்ணுவிச்ச ட்ராஃப்ட்ட வட்சப்பில அனுப்பினவர். கையெழுத்து ஞாயிற்றுக்கிழமை, ஒரு சமாதான நீதவான் முன்னால.

புக் போட்டோவையும் ட்ராஃப்ட்டையும் பக்கத்தில வச்சுப் பாத்தனான். செசி நம்பரில ஒரு எழுத்து இடிக்குது. நம்பரைக் கொஞ்சம் மாத்தித்தான் போடுறன், ஆனா இடிக்கிற இடம் இதுதான்:

```
புக்         MD2A11CZ8FCB50218
ட்ராஃப்ட்    MD2A11CZ8FC850218

புக்         DHZCFB50731
ட்ராஃப்ட்    DHZCFB50731
```

மேல செசி, கீழ எஞ்சின். எஞ்சின் சரி போல கிடக்கு. செசியில ரைப் பண்ணினவர் பிழை விட்டவரோ, இல்லாட்டி புக்கே பிழையோ? விலைப் பகுதியையும் போடுறன், ஆரும் ஒருக்கா பாருங்கோ:

"மேற்படி வாகனத்தின் விற்பனை விலை ரூபா 490,000/- (நான்கு இலட்சத்துத் தொள்ளாயிரம்) எனவும், அதில் முற்பணமாக ரூபா 150,000/- (ஒரு இலட்சத்து ஐம்பதாயிரம்) இன்று செலுத்தப்பட்டது எனவும், மிகுதி ரூபா 340,000/- (மூன்று இலட்சத்து நாற்பதாயிரம்)..."

சுன்னாகம்_சுதன்:
2015 பல்சருக்கு நாலு தொண்ணூறோ? கூட தம்பி. ரயரும் செயினும் மாத்தியிருந்தா மட்டும் யோசிக்கலாம். பற்றரி எப்ப மாத்தினது எண்டு கேளுங்கோ.

கொக்குவில்_பொடியன்:
அண்ணை, விலை பேசி முடிஞ்சுது. நான் கேக்கிறது எழுத்துப் பிழையைப் பற்றி.

சாவகச்சேரி_ஸ்பீட்:
இது சிம்பிள். 17 இலக்க செசியில ஒன்பதாவது இடம் சரிபார்ப்பு இலக்கம். மற்ற எல்லாத்துக்கும் ஒரு பெறுமதி இருக்கு, நிறை குடுத்துப் பெருக்கிக் கூட்டி 11ஆல பிரிச்சா மிஞ்சிறதுதான் அந்த இடத்தில வரவேணும். நான் ரெண்டையும் போட்டுப் பாத்தன். புக்கில இருக்கிறதுக்கு 329 வருது, மீதி 10, அப்ப ஒன்பதாவது இடத்தில எக்ஸ் இருக்கவேணும். ஆனா 8 இருக்கு. ட்ராஃப்ட்டில இருக்கிறதுக்கு 371, மீதி 8. அச்சொட்டாப் பொருந்துது. அப்ப ட்ராஃப்ட்தான் சரி, புக்கில பிழை. புக்கைத் திருத்தாமல் வாங்காதேங்கோ. கள்ள வண்டியாயும் இருக்கலாம்.

கொக்குவில்_பொடியன்:
ஐயோ. இப்ப பயமாக் கிடக்கு. நம்பரை மாத்தித்தானே போட்டனான் எண்டு உண்மையான நம்பரையும் ஒரு இணையத்தளத்தில போட்டுப் பாத்தன். அதுவும் புக்கில இருக்கிறது பிழை எண்டுதான் சொல்லுது. அட்வான்ஸ் குடுக்கிறதோ விடுறதோ?

பழைய_கிளாக்கர்:
தம்பி, பயப்பிடாதேங்கோ. நான் கனகாலம் ஒரு சட்டத்தரணியின்ர கந்தோரில கிளாக்கரா இருந்தனான், உறுதியும் எக்ரிமென்றும் ஒப்பு நோக்கிறதுதான் வேலை.

ஸ்பீட் தம்பி போட்ட கணக்குச் சரி. அதில இருந்து எடுத்த முடிவுதான் பிழை. அந்த ஒன்பதாவது இடச் சரிபார்ப்பு வட அமெரிக்காவில விக்கிற வாகனத்துக்குக் கட்டாயம். இந்தியாவில செய்து இஞ்ச வாற மோட்டசைக்கிளுக்கு அப்பிடி இல்லை. கொம்பனி அந்த இடத்தில தன்ர வசதிக்கு என்னத்தையும் போடலாம். அதனால கணக்கு ஒத்துவராட்டிப் பிழை எண்டும் இல்லை, ஒத்துவந்தாச் சரி எண்டும் இல்லை. பதினொண்டால பிரிக்கேக்க ஏதோ ஒரு மீதி வரத்தானே வேணும், தற்செயலாப் பொருந்திறதும் நடக்கும். இஞ்ச அதுதான் நடந்திருக்கு.

17 இலக்க நம்பரில நம்பக்கூடிய விதி ஒண்டிருக்கு. அதில ஐ, ஓ, கியூ எண்ட மூண்டு ஆங்கில எழுத்தும் வராது. அப்ப வட்டமா ஒண்டு கிடந்தா அது பூச்சியம், நேர்கோடு ஒண்டு. ஆனா பி எழுத்துக்கும் எட்டுக்கும் இடையில இந்த விதி உதவாது, ரெண்டும் வரலாம். எஸ்ஸும் ஐஞ்சும், இசட்டும் ரெண்டும், ஜியும் ஆறும் இப்பிடித்தான். எழுத்தை எண்ணிப் பாத்தும் பிடிக்கேலாது. உங்கட ட்ராஃப்ட்டிலயும் 17தான், புக்கிலயும் 17தான்.

ஆகவே இரும்பைத்தான் பாக்கவேணும். பல்சரில ஹாண்டில் கழுத்துக் குழாயின்ர வலப்பக்கம் செசி நம்பர் கொத்தியிருக்கும். எஞ்சின் நம்பர் இடப்பக்கம், கியர் மிதிக்குக் கிட்ட. மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சுப்போட்டு மெல்லிய வெள்ளைத் தாளை வச்சு, மெதுவான பென்சிலைச் சரிச்சுப் பிடிச்சு உரசுங்கோ. தாள் அசையக் கூடாது. போட்டோ மட்டும் எடுத்தா வெளிச்சம் ஒரு பக்கத்தால விழுந்து பி எட்டு மாதிரித் தெரியும். உரசின தாளில பியின்ர முதுகு நேர்கோடா விழும், எட்டுக்கு ரெண்டு பக்கமும் இடுப்பு ஒடுங்கும்.

ஜப்பான்_கார்க்காரன்:
கிளாக்கர் அண்ணை சொன்ன ஐ, ஓ விதியை எல்லா வண்டிக்கும் போட்டுப் பாத்திடாதேங்கோ. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்து இஞ்ச வந்த காருகளுக்கு 17 இலக்கம் இல்லை. மொடல் குறி, ஒரு சின்னக் கோடு, பிறகு ஏழு இலக்கம் அளவில வரும். எஞ்சின் நம்பரும் அப்பிடித்தான், டொயோட்டாவில தொடக்கத்தில எஞ்சின் வகை நிக்கும்:

```
NZE141-6xxxxxx      செசி
1NZ-xxxxxxx         எஞ்சின்
```

ரைப் பண்ணிறவைக்கு அந்த முதல் ஒண்டு ஐ எண்டுதான் கண்ணில படும். "ஐஎன்இசட்" எண்டு அடிச்ச எக்ரிமென்ற் நிறையக் கண்டிருக்கிறன். சிலர் நடுவில இருக்கிற கோட்டையும் விட்டுப்போடுவினம்.

பழைய_கிளாக்கர்:
ஓம், சரியாச் சொன்னீங்கள். எஞ்சின் நம்பருக்கு அந்த விதி எந்த வண்டியிலயும் இல்லை. அது கொம்பனியின்ர விருப்பம்.

இப்ப விலைக்கு வாறன். ஒருத்தரும் கவனிக்கேல்லையோ? "நான்கு இலட்சத்துத் தொள்ளாயிரம்" எண்டா 400,900. இலக்கத்தில 490,000 நிக்குது. எண்பத்தொன்பதாயிரத்து நூறு ரூபா வித்தியாசம். தொண்ணூறாயிரம் எண்டு இருக்கவேண்டிய இடம்.

ஒன்பது சம்பந்தப்பட்ட தொகையில இது அடிக்கடி வாற பிழை. ஒன்பதாயிரம், தொள்ளாயிரம், தொண்ணூறாயிரம், மூண்டும் ரைப் பண்ணிறவற்ற கையில ஒண்டாத்தான் ஓடும். வேகமா வாசிக்கிறவரும் "தொ" எண்டு கண்டவுடன மிச்சத்தைத் தானே நிரப்பிப்போடுவார். ஆகவே எழுத்தில இருக்கிற தொகையை வாசிச்சு, இலக்கத்தை மூடி வச்சுக்கொண்டு, காதில விழுந்ததைத் திருப்பி இலக்கமா ஒரு தாளில எழுதுங்கோ. பிறகு மூடினதைத் திறந்து பாருங்கோ. எங்கட கந்தோரில அப்பிடித்தான் செய்யிறது.

சாவகச்சேரி_ஸ்பீட்:
அப்ப பொடியனுக்கு லாபம்தானே 😄 இலக்கமும் எழுத்தும் முரண்பட்டா எழுத்துத்தான் செல்லும். சட்டம் அது. பேசாமல் கையெழுத்துப் போடுங்கோ, 400,900 குடுத்தாக் காணும்.

பழைய_கிளாக்கர்:
அது மாற்றுண்டியல், காசோலைக்கு இருக்கிற சட்டம் தம்பி. அதிலகூட வங்கி அநேகமாக் காசோலையைத் திருப்பித்தான் அனுப்பும். எக்ரிமென்றுக்கும் எழுத்துக்கு முதலிடம் குடுக்கிற வழக்கம் இருக்கு, ஆனா அதோட கதை முடியாது. வழக்கு எண்டு வந்தா முழுப் பத்திரத்தையும் சேத்து வாசிச்சு, ரெண்டு பேரும் என்ன தொகைக்கு உடன்பட்டவை எண்டு தேடுவினம். இஞ்ச முற்பணம் 150,000, மிகுதி 340,000, கூட்டினா 490,000. அந்த ரெண்டு தொகையும் எழுத்திலயும் சரியா இருக்கு. அப்ப தொள்ளாயிரம் எண்டது கைப்பிழை எண்டு சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். லாபம் ஒண்டும் வராது, புக் மாத்திற நேரம் சண்டைதான் வரும்.

பொடியன், ரூபாவுக்கும் இலக்கத்துக்கும் நடுவில இடைவெளி விட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. உங்கட ட்ராஃப்ட்டில ஒரு இலக்கம் செருகிற அளவுக்கு இடம் கிடக்கு. 490,000க்கு முன்னால ஒரு ஒண்டு போட்டா என்ன ஆகும் எண்டு பாருங்கோ. எழுத்துத் தொகையின்ர முடிவில "மாத்திரம்" எண்டு வரவேணும், அதுவும் இல்லை.

கொக்குவில்_பொடியன்:
தொள்ளாயிரத்தை நான் ரெண்டு தரம் வாசிச்சும் காணேல்ல. நன்றி ஐயா. முழு ட்ராஃப்ட்டையும் பாத்தா ஒரு இடத்தில "ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றம்" எண்டும் கிடக்கு. அது என்ன?

ஜப்பான்_கார்க்காரன்:
ஹா ஹா. தமிழ்நாட்டு மாதிரிப் பத்திரம் ஒண்டை இணையத்தில எடுத்துப் பேரை மட்டும் மாத்தியிருக்கினம். இஞ்ச மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். விலையில 4,90,000 எண்டு கொமா போடாமல் விட்டதே பெரிய காரியம். மாதிரிப் பத்திரத்தில அடிச்சா, அதில முதல் இருந்த ஆளின்ர வண்டி நம்பர் எங்கயாவது தங்கியிருக்கும். ரெண்டாம் மூண்டாம் பக்கங்களைப் பாருங்கோ.

கொக்குவில்_பொடியன்:
அண்ணை நீங்கள் தீர்க்கதரிசி. ஏழாவது பந்தியில "மேற்படி முச்சக்கர வண்டி" எண்டு கிடக்கு. நம்பரும் வேற. ஏ எழுத்தில தொடங்குது, என்ர பி எழுத்து. முதல் பக்கத்திலயும் அட்டவணையிலயும் சரியா இருக்கு.

பழைய_கிளாக்கர்:
இதைத்தான் நான் கூட யோசிக்கிறது. அட்டவணையை எல்லாரும் பாப்பினம். நடுப் பந்தியில இருக்கிறதை ஒருத்தரும் பாக்காயினம். அந்த ஏழாம் பந்தி என்ன சொல்லுது? கையளிச்ச திகதிக்குப் பிறகு வாற தண்டம், விபத்துக்கு ஆர் பொறுப்பு எண்டது தானே? அதில வேற வண்டி நம்பர் நிண்டா, அந்தப் பந்தி உங்கட வண்டிக்கு இல்லை எண்டு ஒரு சட்டத்தரணி எழும்பி நிப்பார். ரைப் பண்ணின கோப்பை வாங்கி Ctrl+F அடிச்சுப் பதிவு இலக்கத்தின்ர கடைசி நாலு இலக்கத்தைத் தேடுங்கோ. எத்தினை இடத்தில வரவேணுமோ அத்தினை இடத்தில வருதோ எண்டு பாருங்கோ. பிறகு "முச்சக்கர" எண்டும், கோப்பு அடிச்ச அதே எழுத்துருவில, தேடுங்கோ.

மானிப்பாய்_அக்கா:
நான் எஞ்சின் நம்பரைப் பற்றி ஒண்டு கேக்கலாமோ? என்ர மனுசன் ஓட்டோ ஒண்டு வாங்கினவர். எக்ரிமென்றில எஞ்சின் நம்பர் புக்கில இருந்த மாதிரியே எழுத்துக்கு எழுத்து சரியா இருந்தது. ஆனா ஓட்டோவில பூட்டியிருந்த எஞ்சின் வேற. முதல் உரிமையாளர் எஞ்சின் மாத்திப்போட்டுத் திணைக்களத்தில பதியேல்லை. பேர் மாத்தப் போன இடத்தில பரிசோதனையில பிடிபட்டுது. இப்ப மாத்தின எஞ்சினுக்கு ரசீது கேக்கினம், வித்தவர் போனும் எடுக்கிறார் இல்லை. இப்பிடி எண்டா எக்ரிமென்றில எந்த நம்பரை எழுதவேணும்? புக்கில இருக்கிறதோ, வண்டியில இருக்கிறதோ?

சாவகச்சேரி_ஸ்பீட்:
வண்டியில இருக்கிறதுதான் அக்கா. நீங்கள் வாங்கிறது வண்டியை, புக்கை இல்லை.

பழைய_கிளாக்கர்:
அப்பிடி எழுதினா புக்கோட ஒத்துவராது, பேர் மாத்திற விண்ணப்பத்தில சிக்கல் வரும். புக்கில இருக்கிறதை மட்டும் எழுதினா, வண்டியில அந்த எஞ்சின்தான் கிடக்கு எண்டு நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி. எங்கட கந்தோரில ரெண்டையும் எழுதுவம். "பதிவுச் சான்றிதழின்படி இயந்திர இலக்கம் இது, தற்போது பொருத்தப்பட்டிருப்பது இது, பதிவைத் திருத்திக் கொடுப்பது விற்பவர் பொறுப்பு, அதுவரை மிகுதிப் பணம் செலுத்தப்பட மாட்டாது" எண்டு. எஞ்சின் வாங்கின ரசீதின்ர பிரதியையும் இணைப்பம்.

ஜப்பான்_கார்க்காரன்:
மன்னிக்கவேணும் அண்ணை, நான் இதில உடன்பட மாட்டன். ரெண்டு நம்பர் எழுதின பத்திரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு என்ன செய்யிறது? விக்கிறவர் முதல் புக்கைத் திருத்திக்கொண்டு வரட்டும், பிறகு எழுதுவம். அட்வான்ஸ் குடுத்தாச்செண்டா அவருக்கு அவசரம் இல்லை. அக்காவின்ர கதையே அதுதானே.

பழைய_கிளாக்கர்:
மிகுதியை எவ்வளவு வச்சிருக்கிறம் எண்டதைப் பொறுத்தது. முக்கால்வாசி கையில இருந்தா அவர் வருவார். ஆனா நீங்கள் சொல்லிறதிலயும் ஞாயம் இருக்கு. அக்கா, உங்களுக்கு இப்ப பத்திரத்தால பெரிசா உதவி இல்லை. எஞ்சின் மாத்தின கராஜ் எது எண்டு தெரிஞ்சா அங்க ரசீதின்ர பிரதி கேட்டுப் பாருங்கோ.

மானிப்பாய்_அக்கா:
கராஜ் தெரியும். ஆனா எஞ்சின் பழசு, எங்கயோ வெட்டின வண்டியில இருந்து கழட்டினதாம். சரி, கேட்டுப் பாப்பம்.

கொக்குவில்_பொடியன்:
இண்டைக்குப் பின்னேரம் கோப்பாய்க்குப் போய் உரசி எடுத்திட்டு வந்தன். பி எழுத்துத்தான்! முதுகு நேரா விழுந்திருக்கு, கிளாக்கர் ஐயா சொன்ன மாதிரியே. புக் சரி, ட்ராஃப்ட்தான் பிழை.

கொம்மினிகேசனுக்கும் போய்க் கேட்டன். அவை பாமினியில ரைப் பண்ணினவையாம். செசி நம்பரை அடிக்கேக்க எழுத்துரு மாத்த மறந்து ஆங்கில எழுத்தெல்லாம் தமிழ் எழுத்தா வந்திட்டுதாம். பிறகு அதை அழிச்சு, போட்டோக் கொப்பியைப் பாத்துத் திருப்பி அடிச்சிருக்கினம். அந்தக் கொப்பியில பி எட்டு மாதிரித்தான் கிடக்கு.

ஆனா இப்ப வேற ஒரு பிரச்சினை. எஞ்சினில கடைசி ரெண்டு இலக்கத்துக்கு மேல அலுமினியம் அரிச்சுப் போய்க் கிடக்கு. 507 வரைக்கும் தெளிவு. அதுக்குப் பிறகு 31 மாதிரியும் தெரியுது, 81 மாதிரியும் தெரியுது.

சாவகச்சேரி_ஸ்பீட்:
புக்கில 31 எண்டா 31தான், விடுங்கோ.

பழைய_கிளாக்கர்:
அவசரப்படாதேங்கோ. அரிச்சதோ, அராவினதோ எண்டு முதல் பாருங்கோ. உப்புக் காத்தில அரிச்சா நம்பர் இருக்கிற இடமும் சுத்தியிருக்கிற இடமும் ஒரே மாதிரிப் புள்ளி புள்ளியாக் கிடக்கும். ஆரும் அராவியிருந்தா அந்த இடம் மட்டும் மட்டமா இருக்கும், ஒரே திசையில கீறல் ஓடும். சந்தேகம் எண்டா வெள்ளைப் பற்பொடியைத் தடவித் துடைச்சா, பள்ளத்தில தங்கிறது எழுத்தைக் காட்டும்.

காப்புறுதி அட்டையிலயும் நம்பர் இருக்கும், ஆனா அதை ஆதாரமா எடுக்காதேங்கோ. அதுவும் புக்கைப் பாத்து எழுதினதுதான், புக்கில பிழை எண்டா அதிலயும் பிழை இருக்கும். திணைக்களத்தில வாகனத்தின்ர பதிவு விவரப் பிரதி எடுத்தா, புக்கில அச்சடிச்சதும் அங்க பதிஞ்சிருக்கிறதும் ஒண்டோ எண்டாவது தெரியும்.

கொக்குவில்_பொடியன்:
சுத்தியும் புள்ளி புள்ளியாத்தான் கிடக்கு ஐயா. வண்டி கொஞ்சக்காலம் காங்கேசன்துறைப் பக்கம் ஓடினதாம். திங்கட்கிழமை கச்சேரியில இருக்கிற மோட்டார் போக்குவரத்துப் பிரிவில போய் விசாரிக்கிறன். கையெழுத்தை ஒரு கிழமை தள்ளிவைக்கச் சொல்லி விக்கிறவரிட்டக் கேட்டன், முகம் சுருங்கினாலும் ஓம் எண்டிட்டார்.

அதுசரி, அவற்ற அடையாள அட்டை இலக்கம் புக்கில பழசு, வீ எழுத்தில முடியிறது. ட்ராஃப்ட்டில புது 12 இலக்கம். இது பிழையோ?

பழைய_கிளாக்கர்:
பிழை இல்லை, ஒரே ஆள்தான். பழைய இலக்கத்துக்கு முன்னால 19 சேத்து, வீயை எடுத்துவிட்டு, பழைய இலக்கத்தின்ர ஐஞ்சாவது இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம் செருகினாப் புது இலக்கம் வரும். உங்களிட்ட இருக்கிறதை அப்பிடிச் செய்து பாருங்கோ. பொருந்தினா ரெண்டையும் எழுதச் சொல்லுங்கோ, பேர் மாத்திற மேசையில கேள்வி வராது.

இன்னொண்டு. திருத்தின ட்ராஃப்ட் வந்தா, திருத்தின இடத்தை மட்டும் பாத்து விடாதேங்கோ. பி சரியா வந்திருக்கும், ஆனா திருப்பி அடிக்கேக்க எஞ்சினில 31 எண்டது 13 ஆப் போயிருக்கும். ஒருத்தர் உரசின தாளைப் பாத்துப் பின்னுக்கு இருந்து ஒவ்வொரு எழுத்தா வாசிக்க, மற்றவர் ட்ராஃப்ட்டில பென்சிலால புள்ளி வைக்கவேணும். முன்னுக்கு இருந்து வாசிச்சா நாக்கு பழக்கத்தில ஓடிப்போடும்.

சுன்னாகம்_சுதன்:
அச்சடிச்ச பிறகு பிழை கண்டா டிப்பெக்ஸ் போட்டுத் திருத்தலாமோ? என்ர எக்ரிமென்றில அப்பிடித்தான் செய்தவை.

பழைய_கிளாக்கர்:
டிப்பெக்ஸ் கூடவே கூடாது. பிழையான எழுத்து வாசிக்கக்கூடியதா இருக்க ஒரு கோட்டால வெட்டி, மேல சரியானதை எழுதி, விக்கிறவர், வாங்கிறவர், ரெண்டு சாட்சி எல்லாரும் பக்கத்தில சிறு கையெழுத்து வைக்கவேணும். ரெண்டு பிரதியிலயும். ஆனா செசி, எஞ்சின், விலை, இந்த மூண்டிலயும் பிழை எண்டா நான் வெட்டித் திருத்த விடுறதில்லை. அந்தப் பக்கத்தைத் திருப்பி அச்சடிக்கிறதுதான்.

சுன்னாகம்_சுதன்:
என்ரயில விலையிலதான் டிப்பெக்ஸ் போட்டவை. ஆனா புக் மாத்தி முடிஞ்சுது.

பழைய_கிளாக்கர்:
மிகுதி குடுத்து ரசீது எடுத்தாச்செண்டா இனி அதில ஒண்டும் இல்லை. ரசீதைப் பத்திரமா வச்சிருங்கோ.

கொக்குவில்_பொடியன்:
அடையாள அட்டை பொருந்தியிட்டுது. புது ட்ராஃப்ட்டும் வந்திட்டுது, ஆர்.டி.ஓ.வும் முச்சக்கர வண்டியும் போயிட்டுது. விலை: "ரூபா490,000/- (ரூபா நான்கு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் மாத்திரம்)". எஞ்சின் நம்பருக்கு இடம் வெறுமையா விடச் சொல்லிப்போட்டன், திங்கட்கிழமைக்குப் பிறகு நிரப்புவம்.

ஜப்பான்_கார்க்காரன்:
வெறுமையா விட்ட பக்கத்தில மட்டும் கையெழுத்து வச்சிடாதேங்கோ தம்பி.